மாறாத இரண்டாம் கட்டம்

சென்ற ஆண்டு நம் விடுதி மாணவர்களின் உதவித்தொகைப் பட்டியலைத் தயாரிக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எக்செல் தாளில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு என்பதை விடுதிக் காப்பாளர் அறிவார். “தம்பி, பெயர், மாவட்டம், வட்டம் மூன்றும் பிழையில்லாமல் இருந்தால் போதும்” என்றார். கேட்பதற்கு எளிதான வேலை. அந்த எளிய வேலையில் நான் செய்த ஒரு பிழையையும், அது எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

உதவித்தொகை வழங்க முன்வந்த அறக்கட்டளையினர் ஒரு முறை வைத்திருந்தார்கள். விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே அவர்களுடைய தொண்டர் ஒருவர் நேரில் சென்று பார்ப்பார். அதற்காக அவர்கள் மாவட்டவாரியாகவும், மாவட்டத்துக்குள் வட்டவாரியாகவும் பிரித்த பட்டியல் கேட்டார்கள். மொத்தம் 186 பெயர்கள். பெரும்பாலோர் அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்தினர். சிலர் மயிலாடுதுறை. இருவர் நீலகிரியிலிருந்து வந்தவர்கள்.

வட்டத்தின் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்தால் எழுத்துப் பிழை வரும். ஒருவர் ‘உடையார்பாளையம்’ என்பதை ஒரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார். மற்றவர் வேறு விதமாக எழுதுவார். பிறகு பிரிக்கும்போது ஒரே வட்டம் இரண்டாகிவிடும். ஆகவே இரு கட்டங்களிலும் கீழிறங்கும் பட்டியல் வைப்பதென்று முடிவு செய்தேன். முதற் கட்டத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாம் கட்டத்தில் அந்த மாவட்டத்தின் வட்டங்கள் மட்டுமே தோன்ற வேண்டும்.

அதைச் செய்யும் வழி இது. Lists என்று ஒரு தனித் தாள் வைத்துக்கொண்டேன. அதன் முதல் வரிசையில் Ariyalur, Perambalur, Mayiladuthurai, The Nilgiris என்று நான்கு மாவட்டப் பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் அதனதன் வட்டங்கள். அரியலூரின் கீழே அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம். பெரம்பலூரின் கீழே பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர். மயிலாடுதுறைக்கும் நான்கு. நீலகிரிக்கு மட்டும் ஆறு. பிறகு அந்தப் பகுதி முழுவதையும், A1 முதல் D7 வரை, தெரிவு செய்து Formulas பகுதியில் உள்ள Create from Selection என்பதை அழுத்தி, Top row என்பதற்கு மட்டும் குறியிட்டேன். இதனால் ஒவ்வொரு மாவட்டத்தின் பெயரும் அதன் கீழுள்ள கட்டங்களுக்குப் பெயராகிவிடுகிறது. Ariyalur என்று சொன்னால் அந்த வட்டங்களின் தொகுதி என்று எக்செல் புரிந்துகொள்ளும். தலைப்பு வரிசைக்கு மட்டும் Districts என்று தனியாகப் பெயரிட்டேன்.

முதன்மைத் தாளில் A நிரலில் மாணவர் பெயர், B நிரலில் மாவட்டம், C நிரலில் வட்டம். B2 முதல் B187 வரை தெரிவு செய்து, Data பகுதியில் Data Validation என்பதைத் திறந்து, Allow என்ற இடத்தில் List என்றும், Source என்ற இடத்தில் =Districts என்றும் கொடுத்தேன். C2 முதல் C187 வரைக்கும் அவ்வாறே திறந்து, Source என்ற இடத்தில் இதைக் கொடுத்தேன்:

```
=INDIRECT(SUBSTITUTE(B2," ","_"))
```

இதில் உயிர்நாடி INDIRECT என்ற சொல். B2 கட்டத்தில் இருப்பது வெறும் எழுத்து. அந்த எழுத்தையே ஒரு தொகுதியின் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தத் தொகுதியைக் கொண்டுவா என்பது INDIRECT இடும் கட்டளை. SUBSTITUTE எதற்கு என்றால், எக்செல் வைத்துக்கொள்ளும் பெயர்களுக்குள் இடைவெளி இருக்கக் கூடாது. The Nilgiris என்ற தலைப்பிலிருந்து பெயர் உருவாக்கும்போது அது தானாகவே The_Nilgiris என்று கீழ்க்கோடு இட்டுக்கொள்கிறது. கட்டத்தில் இருப்பதோ இடைவெளியுள்ள பெயர். இரண்டும் பொருந்த வேண்டுமானால் இடைவெளியைக் கீழ்க்கோடாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் மற்ற மூன்று மாவட்டங்களும் ஒழுங்காக வேலை செய்யும். நீலகிரிக்கு மட்டும் பட்டியல் திறக்காது.

B2 காலியாக இருக்கும்போது இதை அமைத்தால், Source இப்போது பிழையைத் தருகிறது, தொடரலாமா என்று எக்செல் கேட்கும். அஞ்ச வேண்டியதில்லை. மாவட்டம் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். Yes என்று அழுத்தினேன். அரியலூரைத் தேர்ந்தெடுத்தேன், அதன் நான்கு வட்டங்கள் வந்தன. நீலகிரியைத் தேர்ந்தெடுத்தேன், ஆறும் வந்தன. அன்று எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. அறை நண்பர்களை அழைத்துக் காட்டினேன். இனி இந்தத் தாளில் பிழை நுழைய வழியே இல்லை என்றும் சொன்னேன்.

இரண்டு மாலைகளில் 186 பெயர்களையும் நிரப்பி, வட்டவாரியாகப் பிரித்து, அறக்கட்டளைக்கு அனுப்பியாயிற்று. ஆகஸ்டு மாதம் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வந்தார்கள். அவர்கள் பணி முடிந்து பத்து நாட்கள் கழித்து, முதலாண்டு மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் விடுதி அலுவலகத்துக்கு வந்தாள்.

“அண்ணா, எல்லார் வீட்டுக்கும் வந்துட்டாங்களாம். எங்க வீட்டுக்கு மட்டும் யாரும் வரலையே?” என்று கேட்டாள். அவள் தந்தை முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர். தொண்டர் வரக்கூடும் என்று இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே காத்திருந்ததாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் பெயரை முதன்மைத் தாளில் தேடினேன். இருந்தது. விண்ணப்பமும் முறையாக இருந்தது. ஆனால் அனுப்பிய வட்டவாரிப் பட்டியல்கள் எதிலும் அவள் பெயர் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த கண்காணிப்பாளர் ஐயா அப்போது அருகில் இருந்தார். கணிப்பொறி வருமுன் பேரேடுகளில் எழுதிப் பழகியவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, பிரிச்ச பட்டியலை எல்லாம் கூட்டிப் பார்த்தியா?”

நான் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. அங்கேயே கூட்டினேன். 185 வந்தது.

பிறகு அவளது வரியை நிதானமாகப் பார்த்தேன். B கட்டத்தில் Perambalur. C கட்டத்தில் Sendurai. பெரம்பலூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களில் செந்துறை இல்லை. ஆகவே பெரம்பலூரைப் பிரித்தபோது நான்கு பட்டியல்களில் எதிலும் அவள் விழவில்லை. செந்துறையோ அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அரியலூரைப் பிரித்தபோது அவளது மாவட்டக் கட்டம் பெரம்பலூர் என்று இருந்ததால் அங்கும் அவள் வரவில்லை. இரண்டு ஊர்ப் பேருந்துகளும் ஏற்றிக்கொள்ளாமல் நடுவழியில் நின்றவள் போல் ஆகிவிட்டாள்.

பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. விண்ணப்பத்தில் அவள் ‘அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம்’ என்றே எழுதியிருந்தாள். நானும் முதலில் அப்படியே தேர்ந்தெடுத்தேன். பிறகு இணைப்புகளைச் சரிபார்த்தபோது, 2006-இல் பெற்ற பிறப்புச் சான்றிதழில் ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்று இருந்தது. சான்றிதழே சரியாக இருக்கும், மாணவிதான் தவறாக எழுதிவிட்டாள் என்று எண்ணி, மாவட்டக் கட்டத்தை மட்டும் பெரம்பலூர் என்று ‘திருத்தினேன்’.

உண்மையில் இருவர் எழுதியதும் சரியே. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில்தான் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2006-இல் செந்துறை பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. சான்றிதழ் அந்த நாளின் உண்மையைச் சொல்கிறது. விண்ணப்பம் இந்த நாளின் உண்மையைச் சொல்கிறது. இந்த வரலாற்றை நான் அறியாதது என் குறை. ஆனால் நான் அறியாவிட்டாலும் தாள் என்னைத் தடுத்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தானே ஒன்றைச் சார்ந்து மற்றொன்று மாறும் பட்டியலை அமைத்தேன்? அன்றிரவு நெடுநேரம் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன்.

விடை இதுதான். முதற் கட்டத்தை மாற்றும்போது இரண்டாம் கட்டத்தின் பட்டியல் மாறுகிறது. இரண்டாம் கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் விடை மாறுவதில்லை. நான் பெரம்பலூர் என்று மாற்றிய அந்தக் கணமே, C கட்டத்துக்கு உரிய பட்டியல் குன்னமும் வேப்பந்தட்டையுமாக மாறிவிட்டது. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். திறக்காதவருக்கு, முன்னர் தேர்ந்தெடுத்த செந்துறை அப்படியே நிற்கும். எக்செல் எச்சரிக்காது, நிறம் மாறாது, ஒலி எழுப்பாது.

Data Validation என்பது நம் விடுதி வாயிற்காவலர் போன்றது. உள்ளே வருபவரை வாயிலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பார். உள்ளே போனவரின் அட்டை மறுநாள் காலாவதியானால் அறை அறையாகத் தேடிப் போக மாட்டார். ஒரு கட்டத்தில் கையால் ஒன்றை இடும் நேரத்தில் மட்டுமே எக்செல் அதைச் சோதிக்கிறது. செந்துறையை நான் இட்டபோது மாவட்டம் அரியலூர். ஆகவே அனுமதி கிடைத்தது. அதன்பின் சோதனையே நடக்கவில்லை.

மாவட்டத்தை மாற்றியதும் வட்டத்தை அழித்துவிட்டு மீண்டும் தேர்ந்தெடுக்க முயன்றிருந்தால், பெரம்பலூரின் பட்டியலில் செந்துறை இல்லை என்பது உடனே கண்ணில் பட்டிருக்கும். ஏதோ முரண்பாடு இருக்கிறதே என்று நின்றிருப்பேன். அந்த மாணவியையே அழைத்துக் கேட்டிருப்பேன். ஆகவே, வட்டம் நிரம்பியிருக்கும்போது மாவட்டத்தை மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும் என்று தோன்றியது. B கட்டத்துக்குக் கொடுத்திருந்த Source-ஐ இவ்வாறு மாற்றினேன்:

```
=IF(C2="",Districts,INDIRECT("Locked"))
```

C கட்டம் காலியாக இருந்தால் மாவட்டப் பட்டியல் வரும். அதில் ஏதேனும் இருந்தால், Locked என்ற பெயருள்ள தொகுதியைத் தேடும். அப்படி ஒரு பெயரை நான் எங்கும் வைக்கவில்லை. ஆகவே அம்புக்குறியை அழுத்தினாலும் பட்டியல் திறக்காது. மாவட்டத்தை மாற்ற விரும்புபவர் முதலில் வட்டத்தை அழித்தாக வேண்டும். அழித்தபின் புதிய மாவட்டத்துக்கு உரிய வட்டத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். மறதிக்கு இடம் குறைகிறது.

இந்த ஆராய்ச்சியின் இடையே, நான் அறியாமல் செய்திருந்த மற்றொரு பிழையும் வெளிப்பட்டது. A1 முதல் D7 வரை ஒரே செவ்வகமாகத் தெரிவு செய்து பெயரிட்டேன் என்றேன் அல்லவா? நீலகிரிக்கு ஆறு வட்டங்கள். மற்ற மூன்றுக்கும் நான்கு. ஆகவே மற்ற மூன்று தொகுதிகளின் அடியிலும் இரண்டிரண்டு வெற்றுக் கட்டங்கள் சேர்ந்துவிட்டன. பட்டியலைத் திறந்தால் அடியில் இரண்டு வெற்று வரிகள் தெரிந்தன. நான் அதை அழகுக் குறைவு என்று மட்டும் எண்ணி விட்டுவிட்டேன். Data Validation பெட்டியில் Ignore blank என்று ஒரு குறி உண்டு. அது முதலிலிருந்தே இடப்பட்டிருக்கும். பெயரிட்ட தொகுதிக்குள் வெற்றுக் கட்டம் இருந்து, இந்தக் குறியும் இருந்தால், பட்டியலில் இல்லாத எதைத் தட்டச்சு செய்தாலும் எக்செல் மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிடும். பூட்டிய கதவுக்கு அருகில் சன்னலைத் திறந்து வைத்த கதைதான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நிரம்பிய கட்டங்களை மட்டும் தெரிவு செய்து மீண்டும் பெயரிட்டேன். Ignore blank குறியையும் எடுத்துவிட்டேன்.

இவ்வளவு செய்த பின்னும் வாயில் முழுவதுமாக அடைபடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு தாளிலிருந்து பெயர்களை நகலெடுத்து இங்கே ஒட்டினால் எக்செல் சோதிப்பதில்லை. அது மட்டுமன்று, சாதாரணமாக ஒட்டும்போது நாம் அமைத்த கட்டுப்பாடே அந்தக் கட்டத்திலிருந்து அழிந்து போகக்கூடும். பழைய ஆண்டுத் தாளை எடுத்து ஒட்டுவது நம் வழக்கம். அந்தத் தாளில் சீர்காழி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமான செய்தி பழைய வரிகளுக்கு எட்டியிராது.

ஆகவே வாயிலில் சோதிப்பது ஒன்று. உள்ளே இருப்பவரை எண்ணிப் பார்ப்பது ஒன்று. இரண்டாவதற்காக D நிரலில் ஒரு வாய்பாட்டை எழுதிக் கீழே வரை இழுத்தேன்:

```
=IF(COUNTIF(INDIRECT(SUBSTITUTE(B2," ","_")),C2)=0,"CHECK","")
```

B கட்டத்தில் உள்ள மாவட்டத்தின் தொகுதிக்குள் C கட்டத்தில் உள்ள வட்டம் எத்தனை முறை வருகிறது என்று இது எண்ணுகிறது. ஒரு முறையும் வராவிட்டால் CHECK என்று எழுதுகிறது. மாவட்டத்தின் பெயரே பட்டியலில் இல்லாவிட்டால், தேடும் தொகுதி கிடைக்காமல் #REF! என்று காட்டும். அதுவும் நமக்கு ஓர் எச்சரிக்கைதான். Data Validation போல் இது இடும் நேரத்தோடு நின்றுவிடுவதில்லை. மாவட்டத்தை மாற்றிய மறுகணமே தன் விடையை மாற்றிக்கொள்கிறது. என் 186 வரிகளுக்கும் இதை இழுத்தபோது ஒரே ஓர் இடத்தில் CHECK என்று வந்தது. எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை.

D நிரல் வைக்க வசதி இல்லாதவர்கள், Data Validation பொத்தானின் அருகிலுள்ள சிறு அம்பை அழுத்தி Circle Invalid Data என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இப்போதைய விதிக்குப் பொருந்தாத கட்டங்களைச் சிவப்பு வளையமிட்டுக் காட்டும். ஆனால் அதை நாம்தான் நினைவாக அழுத்த வேண்டும். ஒட்டும்போது கட்டுப்பாடு அழிந்துபோன கட்டங்களுக்கு விதியே இல்லையாதலால், அவற்றுக்கு வளையமும் வராது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது கண்காணிப்பாளர் ஐயாவின் கேள்விதான். பட்டியலைப் பிரித்தால் பிரித்தவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 186 பெயர்களைப் பிரித்தால் 186 வர வேண்டும். இதற்கு INDIRECT தெரிய வேண்டியதில்லை. பேரேட்டில் எழுதிய காலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் அதைச் செய்திருக்கிறார். நானோ, தாள் தானாக எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அந்த அரை நிமிட வேலையை விட்டுவிட்டேன்.

மாணவியின் பொருட்டு விடுதிக் காப்பாளர் அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். பிழை எங்களுடையது என்பதை மறைக்காமல் எழுதச் சொன்னேன். அவரும் அவ்வாறே எழுதினார். ஆனால் முதற் பருவத்துக்கான பட்டியல் முடிந்துவிட்டது. ஜனவரியில் தொண்டர் ஒருவர் செந்துறைக்குச் சென்று வந்த பிறகு, இரண்டாம் பருவத் தொகை மட்டும் அவளுக்குக் கிடைத்தது. முதற் பருவ விடுதிக் கட்டணத்தை அவள் தந்தை கைமாற்று வாங்கிக் கட்டினார். அந்தத் தொகையை என்னால் ஈடு செய்ய முடியவில்லை.

இவ்வாண்டுப் பட்டியலையும் நானே தயாரித்தேன். தாளின் தலைப்பில் மூன்று எண்கள் இருக்கின்றன: மொத்தப் பெயர்கள், பிரித்த பட்டியல்களின் கூட்டுத்தொகை, D நிரலில் உள்ள CHECK-களின் எண்ணிக்கை. முதல் இரண்டும் ஒன்றாகி, மூன்றாவது பூச்சியமாகி, #REF! எங்கும் இல்லை என்று கண்ணால் பார்க்கும் வரை எந்தப் பட்டியலையும் நான் அனுப்புவதில்லை. தட்டச்சு செய்ய உதவிக்கு வந்த முதல் ஆள் அந்த மாணவிதான். மாவட்டத்தை மாற்ற முயன்று, பட்டியல் திறக்காதது கண்டு, “ஏன் அண்ணா இது திறக்க மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

“முதலில் வட்டத்தை அழித்துவிட்டு வா” என்றேன். காரணத்தையும் சொன்னேன்.